நம்பரைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி? எங்கே ஏமாறுவோம்?



இந்த முறை டெலிபோன் நம்பரைப் பற்றிப் படிப்போம். நம் பிள்ளைகள் பலர் இப்போது புத்தளம் கரையோரத்தில் வேலை செய்கிறார்கள். இறால் பண்ணை, உப்பளம், கற்பிட்டி ஹோட்டல், வென்னப்புவ பக்கத்து வீடு கடை என்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அங்கேயிருந்து சில நேரம் அவர்களுடைய சொந்தக் கைபேசியில் கோல் வராது. முதலாளி வீட்டு லைன், ஆஸ்பத்திரி லைன், பொலிஸ் லைன் என்று ஏதாவது ஒரு தரைவழி நம்பரிலிருந்து வரும். நாம் எடுப்பதற்குள் நின்றுவிடும். அப்போது கையில் இருப்பது அந்த நம்பர் மட்டும்தான்.

"032 என்றால் சிலாபம். சிலாபத்துக்குப் போவோம்" என்று புறப்படுகிறவர்கள் உண்டு. இந்த ஊகம் பாதி சரி, பாதி பிழை. எந்தப் பாதி சரி என்று தெரிந்தால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் மிஞ்சும். அவசரமான நேரத்தில் அதைவிடப் பெரியதும் மிஞ்சும்.

நம்பரைப் பிரித்துப் பார்ப்போம்

இலங்கையில் தரைவழி நம்பருக்கு மொத்தம் 10 இலக்கம். முதலில் 0. அடுத்த இரண்டு இலக்கம் பிரதேசக் குறியீடு. மிச்சம் 7 இலக்கம் வீட்டுக்கோ கந்தோருக்கோ உரியது. 032-2265... என்று ஒரு நம்பர் வந்தால் 032 பிரதேசம், அதற்குப் பிறகு வரும் ஏழும் அந்தப் பிரதேசத்துக்குள் உள்ள லைன்.

நமக்குப் பழக்கமான குறியீடுகள் சில உண்டு. அட்டன் பக்கம் 051. நுவரெலியா, தலவாக்கலை பக்கம் 052. நாவலப்பிட்டி 054. பதுளை 055. பண்டாரவளை, அப்புத்தளை பக்கம் 057. கண்டி 081. கொழும்பு 011. புத்தளம் கரைக்கு வந்தால் சிலாபம் 032, நீர்கொழும்பு 031.

குறியீட்டின் முதல் இலக்கத்திலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 2 என்றால் வடக்குப் பக்கமும் அதை ஒட்டிய பகுதிகளும். 3 என்றால் கொழும்பைச் சுற்றிய மேற்கும் வடமேற்கும். 5 என்றால் மலைநாடும் ஊவாவும். 6 என்றால் பெரும்பாலும் கிழக்கு. ஆகவே 03 என்று தொடங்குகிற நம்பரைப் பார்த்ததும், கோல் மலையிலிருந்து வரவில்லை, கீழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இவ்வளவு தூரம் ஊகம் நன்றாக வேலை செய்யும்.

இனித்தான் கவனம் வேண்டும்.

குறியீடு ஊரும் இல்லை, மாவட்டமும் இல்லை

"அட்டன் குறியீடு", "சிலாபம் குறியீடு" என்று நாம் பேசுகிறோம். ஆனால் குறியீடு ஒரு ஊருக்கு மட்டும் கொடுத்தது அல்ல. டெலிபோன் இணைப்பகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு வட்டாரத்துக்குக் கொடுத்தது. அந்த வட்டாரத்தின் முக்கிய ஊரின் பெயரை அதற்கு வைத்தார்கள், அவ்வளவுதான். கம்பி எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கம் வட்டாரம் போனது. கச்சேரி எல்லையை ஒட்டிப் போகவில்லை.

நம் வீட்டு வாசலிலேயே இதைப் பார்க்கலாம். அட்டனும் நுவரெலியா மாவட்டம்தான், தலவாக்கலையும் நுவரெலியா மாவட்டம்தான். ஆனால் ஒன்றுக்கு 051, மற்றதுக்கு 052. மறுபக்கம் பாருங்கள். மொனராகலை தனி மாவட்டம். ஆனாலும் அங்கே பதுளையின் 055 தான். ஒரு மாவட்டத்துக்கு இரண்டு குறியீடு இருக்கும், இரண்டு மாவட்டத்துக்கு ஒரு குறியீடும் இருக்கும்.

புத்தளம் கரையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தெற்கிலிருந்து வடக்கே கடலோரமாக நடந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீர்கொழும்பு. கம்பஹா மாவட்டம், குறியீடு 031. வடக்கே போனால் மா ஓயா ஆறு வரும். அந்த ஆற்றைத் தாண்டினால் கம்பஹா மாவட்டம் முடிந்து புத்தளம் மாவட்டம் தொடங்குகிறது. மேல் மாகாணமும் அங்கே முடிந்து வடமேல் மாகாணம் வருகிறது. ஆனால் டெலிபோன் குறியீடு ஆற்றோடு மாறவில்லை. வென்னப்புவ புத்தளம் மாவட்டம்தான், அங்கேயும் 031. தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிற லுணுவிலவும் புத்தளம் மாவட்டம்தான், அந்த நிலையத்தின் நம்பரும் 031 இல்தான் தொடங்குகிறது.

இன்னும் மேலே போனால் மாரவில. அங்கே 032 வந்துவிடும். அதற்குப் பிறகு மாதம்பை, சிலாபம், முன்னேஸ்வரம், முந்தல், உடப்பு, புத்தளம் என்று போய், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கற்பிட்டி முனை வரைக்கும் 032 தான். உள்ளே ஆனமடுவ பக்கமும் அதே குறியீடு.

ஆகவே 032 என்றால் "சிலாபம்" என்று சொல்வது, 052 என்றால் "நுவரெலியா டவுன்" என்று சொல்வதைப் போன்றது. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவில் மட்டும் சுமார் 50 கிலோமீட்டர் இருக்கிறது. கற்பிட்டி அதையும் தாண்டி. அதேபோல 031 ஐப் பார்த்து நீர்கொழும்பு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், பிள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வென்னப்புவவில் இருக்கலாம்.

நீர்கொழும்புப் பக்கம் இன்னொரு புதினமும் உண்டு. கட்டுநாயக்க விமான நிலையம் நீர்கொழும்புக்குக் கிட்ட இருக்கிறது, மாவட்டமும் கம்பஹா. ஆனாலும் விமான நிலையத்தின் நம்பர் 031 இல் தொடங்குவதில்லை, கொழும்பின் 011 இல் தொடங்குகிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிற மகள் அங்கேயிருந்து பேசினால், நம்பரைப் பார்த்து "கொழும்புக்கு வந்துட்டா" என்று நினைப்போம். அவள் கொழும்பு டவுனுக்கு இன்னும் வந்திருக்க மாட்டாள்.

நடு இலக்கம் கொஞ்சம் கூடச் சொல்லும்

குறியீடு வட்டாரத்தை மட்டும் சொல்கிறது. ஊரைத் தெரிந்துகொள்ள வழியே இல்லையா? பல நேரம் இருக்கிறது. அடுத்த நாலு இலக்கத்தைப் பாருங்கள்.

இதற்குப் பழைய கதை கொஞ்சம் வேண்டும். முன்பு சிலாபம் வட்டாரத்து நம்பருக்கு 032 க்குப் பிறகு 5 இலக்கம்தான் இருந்தது. அந்த ஐந்தில் முதல் இரண்டு எந்த இணைப்பகம் என்று காட்டும், அதாவது எந்த ஊர் என்று காட்டும். மற்ற மூன்றும் அந்த ஊருக்குள் இருக்கிற லைன். 2003 அளவில் நாடு முழுவதும் நம்பர்களை ஏழு இலக்கமாக்கினார்கள். அப்போது பழைய ஐந்துக்கு முன்னால் 22 ஐச் சேர்த்தார்கள். புத்தளத்தில் 65 என்று தொடங்கிய நம்பர் 2265 ஆனது.

அதனால் இன்றைக்கும் அந்தப் பழைய லைன்களில் ஊரின் அடையாளம் உள்ளேயே இருக்கிறது. 032-2222, 032-2223 என்று வந்தால் சிலாபம். 032-2254 மாரவில. 032-2260 கற்பிட்டி. 032-2265 புத்தளம். இதைச் சமையல் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். பிள்ளை வேலை செய்கிற ஊரின் ஆஸ்பத்திரி நம்பரையும் பொலிஸ் நம்பரையும் பிள்ளையிடமே கேட்டு, பக்கத்தில் குறித்துவைத்தால் இன்னும் நல்லது.

கடைசி மூன்று இலக்கத்திலும் ஒரு பழக்கம் உண்டு. நாட்டில் பல அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பிரதான நம்பர் 261 என்று முடியும். பல பொலிஸ் நிலையங்களின் நம்பர் 222 என்று முடியும். எல்லாம் அப்படி இல்லை. ஒரு ஆஸ்பத்திரிக்கே பல லைன் இருக்கும், நமக்கு வந்த கோல் வேறு லைனிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் 261 என்று முடிகிற நம்பரிலிருந்து ஒரு கோல் தவறிப்போனால், அதைச் சும்மா விட வேண்டாம். உடனே திருப்பி எடுங்கள்.

பழைய டயறியில், கலண்டரில், கடிதத்தில் 032 க்குப் பிறகு ஐந்தே இலக்கம் எழுதியிருந்தால் அந்த நம்பர் இப்போது போகாது. நடுவில் 22 போட்டுப் பாருங்கள். கொழும்பு, கண்டி நம்பர் வேறு மாதிரி. அங்கே பழைய குறியீடு 01, 08 என்று இருந்தது, லைன் 6 இலக்கம். குறியீடு 011, 081 ஆனது, லைனுக்கு முன்னால் ஒரு 2 மட்டும் சேர்ந்தது.

ஒரு உதாரணம்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகன் இறால் பண்ணை வேலைக்குப் போயிருக்கிறான். வீட்டில் சொன்னது "சிலாபத்துப் பக்கம்" என்று மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மாவின் போனுக்கு ஒரு கோல். "உங்கட மகன் ஆஸ்பத்திரியில..." என்பது வரை கேட்டது. சிக்னல் போய்விட்டது. நம்பர் 032-2265 என்று தொடங்குகிறது.

பக்கத்துக் காம்பராவிலிருந்து அத்தை வந்து பார்க்கிறார். "032 சிலாபந்தான் அண்ணே. விடிய முதல் பஸ்ஸுக்கே சிலாபம் போயிருவோம்" என்கிறார்.

இந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

முதல் வேலை, நம்பரை முழுசாக ஒரு தாளில் எழுதுவது. போன் சார்ஜ் போனாலும் நம்பர் கையில் இருக்கும். இரண்டாவது, அதைப் பிரிப்பது. 032, ஆகவே மாரவிலவிலிருந்து கற்பிட்டி வரைக்கும் எங்கேயும் இருக்கலாம். அடுத்தது 2265, ஆகவே புத்தளம் இணைப்பகத்து லைன். சிலாபம் இல்லை. இது பெரிய வித்தியாசம். இங்கேயிருந்து கண்டி வழியாக குருநாகலுக்குப் போன பிறகு வழி பிரியும். புத்தளத்துக்கு ஒரு ரோடு, சிலாபத்துக்கு வேறு ரோடு. குருநாகலில் பிழையான பஸ்ஸில் ஏறினால் அரை நாள் போய்விடும்.

மூன்றாவது வேலைதான் முக்கியம். சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போய் அந்த நம்பரைத் திருப்பி எடுப்பது. எடுத்தவரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். "நீங்க பேசுறது எந்த ஊர், எந்த இடம்?" "எங்கட மகன் இப்ப எங்க, எந்த வாட்டில?" "அவரை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டீங்களா, அனுப்பப் போறீங்களா?"

மூன்றாவது கேள்வியை மறக்கக்கூடாது. நம்பரிலிருந்து நாம் கண்டுபிடித்தது போன் எங்கே இருக்கிறது என்பதை. மகன் எங்கே இருக்கிறான் என்பதை அல்ல. புத்தளத்து ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறவர், "அவரை இப்பத்தான் சிலாபத்துக்கு ஏத்தி அனுப்பினோம்" என்று சொல்லலாம். குருநாகலுக்கு அனுப்பியதாகவும் சொல்லலாம். பெரிய சிகிச்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வழக்கம்தான். அப்படியானால் அத்தை சொன்ன சிலாபமே கடைசியில் சரியாகிவிடும். ஆனால் அது தற்செயலாகச் சரியானது. கேட்டுத் தெரிந்துகொண்டு போவது வேறு.

லைன் பிஸியாகவே இருந்தால்? தோட்டத்துக் கந்தோரிலோ கங்காணியிடமோ சொல்லி, புத்தளம் ஆஸ்பத்திரியின் வேறு நம்பர் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 க்கும் எடுத்துக் கேட்கலாம். 1919, 119 போன்ற குறுகிய நம்பர்களுக்கு ஊர்க் குறியீடு கிடையாது. எங்கேயிருந்தும் அப்படியே எடுக்கலாம்.

போன் இருக்கிற இடம், பேசுகிற ஆள் இருக்கிற இடம்

மேலே சொன்ன நடு இலக்கக் கணக்கு 22 என்று தொடங்குகிற பழைய லைன்களுக்குத்தான் பொருந்தும். எல்லா லைனும் அப்படி இல்லை.

குறியீட்டுக்குப் பிறகு வருகிற முதல் இலக்கம் கம்பெனியைக் காட்டும். 2 என்றால் ஸ்ரீலங்கா டெலிகொம். 4 முன்பு சன்டெல் கம்பெனியுடையது. 2012 இல் அதை டயலொக் வாங்கியது. 5 லங்கா பெல்லுக்குக் கொடுத்தது. 7 டயலொக்குக்குக் கொடுத்தது. 032-4, 032-5, 032-7 என்று வந்தால் வட்டாரம் 032 என்பது வரைக்கும்தான் சொல்லலாம். அடுத்த இலக்கங்களை வைத்து ஊர் சொல்ல முடியாது.

இவற்றில் பல கம்பி இல்லாத போன்கள். 1990களிலேயே சன்டெலும் லங்கா பெல்லும் கம்பி இழுக்காமல் வீட்டுக்கு லைன் கொடுக்கத் தொடங்கின. பிறகு மேசையில் வைக்கிற சின்னப் பெட்டிப் போன்கள் ஊர் ஊராக வந்தன. பார்க்க வீட்டுப் போன் போலத்தான் இருக்கும். ஆனால் சுவரோடு கட்டி வைத்ததில்லை. அலை பிடிக்கிற, கம்பெனி தடுக்காத இடத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகலாம். நம்பர் கொடுத்த ஊர் ஒன்று, பெட்டி இருக்கிற ஊர் இன்னொன்று என்று ஆகிவிடும்.

கம்பி போட்ட லைனிலும் ஏமாற்றம் உண்டு. இரண்டு விதம் சொல்லுகிறோம்.

ஒன்று, தலைமைக் கந்தோர் நம்பர். கற்பிட்டியில் ஒரு ஹோட்டல், அதன் தலைமைக் கந்தோர் கொழும்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் சம்பளம் பற்றி, லீவு பற்றிப் பேச வருகிற கோல் 011 இலிருந்து வரும். "கற்பிட்டி என்று சொல்லிட்டு கொழும்புல வச்சிருக்காங்களோ?" என்று வீட்டில் பயப்படுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கந்தோர் கொழும்பில் இருக்கிறது, அவ்வளவுதான்.

மற்றது, கோலைத் திருப்பிவிடுவது. ஒரு லைனுக்கு வருகிற கோலை இன்னொரு நம்பருக்குப் போகும்படி செய்து வைக்கலாம். நாம் 031 நம்பருக்கு எடுப்போம், மணி அடிப்பது யாரோ ஒருவருடைய சட்டைப் பையில் இருக்கிற கைபேசியில். எடுத்தவர் வென்னப்புவவிலும் இருக்கலாம், வேறு எங்கேயும் இருக்கலாம்.

இந்த இரண்டாவது விதம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களின் விஷயத்தில் முக்கியம். விளம்பரத் துண்டில் ஒரு தரைவழி நம்பர் இருந்தால், "கந்தோர் இருக்கு, நிலையான ஆள்" என்று நம் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். 031 அல்லது 011 என்பது, அந்த வட்டாரத்தில் ஒரு லைன் எடுத்திருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் காட்டும். கந்தோர் இருப்பதைக் காட்டாது. லைசன்ஸ் இருப்பதையும் காட்டாது. பாஸ்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன்னால், காசு கொடுப்பதற்கு முன்னால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 க்கு எடுத்து அந்த ஏஜென்சியின் பெயரையும் லைசன்ஸ் நம்பரையும் சொல்லிக் கேளுங்கள். பிறகு விலாசத்துக்கு நேரே போய்ப் பாருங்கள்.

திரையில் தெரிகிற நம்பரையே பொய்யாகக் காட்டவும் வழி இருக்கிறது. பாங்க் நம்பர், பொலிஸ் நம்பர் போலத் தெரிகிற கோல் வந்து, கார்ட் நம்பரையோ இரகசிய இலக்கத்தையோ கேட்டால் சொல்லாமல் வையுங்கள். பிறகு உங்கள் பாங்க் புத்தகத்தில் அச்சடித்திருக்கிற நம்பருக்கு நீங்களே எடுங்கள். உண்மையான கோல் என்றால் அங்கே தெரிந்துவிடும்.

+32 சிலாபம் இல்லை

கைபேசியில் ஒரு மிஸ்ட் கோல். திரையில் +32 என்று தொடங்கும் நம்பர். "032 தானே, சிலாபத்து நம்பர்" என்று திருப்பி எடுத்தால், அது பெல்ஜியத்துக்குப் போகிறது.

முன்னால் கூட்டல் அடையாளம் இருந்தால் அடுத்து வருவது நாட்டின் குறியீடு, ஊரின் குறியீடு இல்லை. இலங்கையின் குறியீடு 94. சிலாபம் வட்டாரத்து நம்பர் கைபேசியில் இரண்டு விதமாகத் தெரியலாம். ஒன்று 032 என்று தொடங்கும். மற்றது +9432 என்று தொடங்கும், அதில் 32 க்கு முன்னால் உள்ள 0 விழுந்துவிடும். இந்த இரண்டும் இல்லாமல் வெறும் +32 என்று இருந்தால் அது வெளிநாடு. கூட்டல் அடையாளத்துக்குப் பதிலாக 00 வந்தாலும் அதே அர்த்தம். 0032 என்றால் பெல்ஜியம்.

மற்றக் குறியீடுகளிலும் இந்தத் தடுமாற்றம் வரும். 031 நீர்கொழும்பு, +31 நெதர்லாந்து. 051 அட்டன், +51 பெரு. 052 நுவரெலியா, +52 மெக்சிகோ. 091 காலி, +91 இந்தியா. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் எடுத்த கோலைக் காலியிலிருந்து வந்ததாக நினைக்கிறவர்கள் உண்டு.

இதை வைத்துக் காசு பறிக்கிற கூட்டமும் உலகத்தில் இருக்கிறது. ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிடுவார்கள். நாம் திருப்பி எடுத்தால், நிமிடத்துக்கு அதிகக் காசு வெட்டுகிற வெளிநாட்டு லைனுக்குப் போகும். நாம் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருக்க ரீலோட் காசு கரைந்துவிடும். அந்த நாட்டில் உங்களுக்கு ஆள் யாரும் இல்லையென்றால் திருப்பி எடுக்காதீர்கள். உண்மையான ஆள் என்றால் மறுபடி எடுப்பார்.

வீட்டில் செய்து பார்க்க

கீழே நான்கு நம்பரின் தொடக்கம் இருக்கிறது. விடையைப் பார்க்காமல் பிள்ளைகளிடம் கேளுங்கள். பாட்டியும் சேர்ந்துகொள்ளலாம்.

1. 032-2260 என்று தொடங்கும் நம்பர். எந்த ஊர்?
2. 031-2 என்று தொடங்கும் நம்பர். பேசியவர் நீர்கொழும்பில்தான் இருக்கிறார் என்று சொல்லலாமா?
3. 032-7 என்று தொடங்கும் நம்பர். எவ்வளவு சொல்லலாம்?
4. +51 என்று தொடங்கும் மிஸ்ட் கோல். அட்டனா?

விடை: முதலாவது கற்பிட்டி இணைப்பகத்து லைன். ஆனாலும் ஆள் அங்கேதான் இருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, சொல்ல முடியாது. மா ஓயாவுக்கு இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கம் புத்தளம் மாவட்டத்து வென்னப்புவவிலும் இருக்கலாம். மூன்றாவது, சிலாபம் வட்டாரத்துக்குக் கொடுத்த டயலொக் லைன் என்பது வரைக்கும்தான். நான்காவது அட்டன் இல்லை, பெரு நாடு. திருப்பி எடுக்க வேண்டாம்.

07 என்று தொடங்குகிற கைபேசி நம்பரை நாங்கள் இந்தப் பாடத்தில் சேர்க்கவில்லை. அதில் ஊரே இல்லை, கம்பெனி மட்டும்தான் இருக்கிறது. அதனால் பிள்ளை வேலைக்குப் புறப்படுகிற அன்றைக்கே, வேலை செய்கிற இடத்தின் பெயர், கிட்டின டவுன், பஸ் இறங்குகிற இடம், அங்கே இருக்கிற ஒரு தரைவழி நம்பர், இந்த நான்கையும் எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள். ஒரு பிரதியை நலன்புரிக் கந்தோரில் கொடுத்தால் நாங்களும் பைலில் போட்டு வைப்போம்.

— தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்